முகம் மாற்றிய படத்தில் முகத்தை மட்டும் கூர்மையாக்குவது எப்படி?

தங்கையின் வளைகாப்பில் எடுத்த குடும்பப் படம் ஒன்று. பதினொரு பேர் நிற்கிறார்கள், பத்துப் பேர் நன்றாக வந்திருக்கிறார்கள், பெரியம்மா மட்டும் கண்ணை மூடிவிட்டார். நல்ல வேளையாக, ஐந்து நிமிடம் கழித்து அதே கேமராவில் எடுத்த இன்னொரு படத்தில் அவர் அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தை வெட்டி இந்தப் படத்தில் பொருத்தினேன். நிறம் ஒத்துப்போனது, ஓரமும் கலந்துவிட்டது. ஆனாலும் அந்த முகம் மட்டும் ஒரு மெல்லிய துணிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது.

காரணம் எளிது. இரண்டாவது படத்தில் பெரியம்மா பின்வரிசையில் நின்றார், அவர் முகம் 180 பிக்சல் அகலம்தான். பொருத்த வேண்டிய இடமோ 300 பிக்சல். கிட்டத்தட்ட 1.7 மடங்கு பெரிதாக்கியிருக்கிறேன். பெரிதாக்கும்போது கணினி இடையில் உள்ள பிக்சல்களை ஊகித்து நிரப்புகிறது, அதனால் ஒவ்வொரு விளிம்பும் பரவிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் சித்தியின் இமை முடி தனித்தனியாகத் தெரிகிறது, பெரியம்மாவின் இமை ஒரு கறுத்த தீற்றலாக இருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் இப்போது குறைக்கப் போகிறோம். நான் GIMP 2.10 பயன்படுத்துகிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாம், மெனுப் பெயர்கள்தான் மாறும்.

முதலில், அன்ஷார்ப் மாஸ்க் என்ன செய்கிறது?

கூர்மையாக்கும் கருவிக்கு ‘அன்ஷார்ப்’ என்று பெயர் வந்தது பலரைக் குழப்புகிறது. இது ஃபிலிம் காலத்து இருட்டறையிலிருந்து வந்த பெயர். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பிரதி எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். மங்கலான அந்தப் பிரதிதான் ‘அன்ஷார்ப் மாஸ்க்’. கணினியும் அதையேதான் செய்கிறது. படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கிறது, மூலத்திலிருந்து அந்த நகலைக் கழிக்கிறது, வரும் வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டுகிறது.

```
புதியது = மூலம் + அளவு × (மூலம் − மங்கல்)
```

இதை ஒரு வரிசைப் பிக்சலில் கையால் போட்டுப் பார்த்தால், கூர்மையாக்கும்போது விளிம்பை ஒட்டி விழும் ஹேலோ என்ற கோடு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும். பெரியம்மாவின் கறுத்த முடியும் நெற்றியும் சந்திக்கும் இடம் என்று வைத்துக்கொள்வோம். முடியின் வெளிச்சம் 60, நெற்றி 180. பக்கத்து மூன்று பிக்சல்களின் சராசரியை மங்கலாக எடுத்துக்கொண்டு, அளவு 0.5 வைத்தால்:

```
மூலம்       60   60   60  180  180  180
மங்கல்      60   60  100  140  180  180
வித்தியாசம்   0    0  -40   40    0    0
புதியது      60   60   40  200  180  180
```

கடைசி வரியைப் பாருங்கள். முடியில் எங்குமே இல்லாத 40 வந்துவிட்டது, நெற்றியில் எங்குமே இல்லாத 200 வந்துவிட்டது. கறுப்பு ஓரம் ஒன்று, அதை ஒட்டி வெள்ளை ஓரம் ஒன்று. இந்த இரண்டு ஓரங்களையும் சேர்த்துத்தான் ஹேலோ என்கிறோம். விளிம்பு ஏற்கெனவே மங்கலாக, படிப்படியாக ஏறினால் வித்தியாசம் சின்னதாகத்தான் வரும், கோடும் தெரியாது. விளிம்பு ஏற்கெனவே கூர்மையாக இருக்கும் இடத்தில்தான் கோடு பளிச்சென்று விழும்.

முகம் மாற்றிய படத்தில் சிக்கலே இதுதான். மங்கலான பகுதி முகத்தின் உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள முடி, காது, ஜிமிக்கி, பட்டுப்புடவையின் ஓரம் எல்லாம் பழைய படத்தின் கூர்மையோடு அப்படியே இருக்கின்றன. முழுப் படத்துக்கும் போட்டால் தேவையில்லாத இடம்தான் அதிகம் கெடும். அதனால் ஹேலோவைத் தவிர்க்க அளவைக் குறைத்தால் மட்டும் போதாது. கூர்மை எங்கே நிற்க வேண்டும் என்று எல்லை போடுவதுதான் பெரிய வேலை.

படி 1: ஒரே லேயராக நகல் எடுப்பது

முகத்தின் அளவு, கோணம், நிறம், ஓரக் கலப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு இங்கே வாருங்கள். கூர்மையாக்கிய பிறகு மறுபடி அளவை மாற்றினால் எல்லாம் வீண். பிறகு Layer மெனுவில் New from Visible கொடுங்கள். கண்ணுக்குத் தெரிவது முழுவதும் ஒரு புதிய லேயராக மேலே வந்து நிற்கும். வெட்டிய முகம் இருக்கும் லேயரிலேயே போடாமல் இப்படி நகல் எடுப்பதற்குக் காரணம், மங்கல் கணக்கு முகத்தையும் அதன் உண்மையான சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். பழைய லேயர்கள் கீழே பத்திரமாக இருக்கும்.

படி 2: கூர்மையாக்குவது

விசைப்பலகையில் 1 அழுத்தி 100 சதவீதத்தில் பாருங்கள். 50 சதவீதத்தில் பார்த்துக்கொண்டு முடிவெடுத்தால் நிச்சயம் கூடுதலாகப் போட்டுவிடுவீர்கள். Filters மெனுவில் Enhance, அதற்குள் Sharpen (Unsharp Mask). மூன்று எண்கள் கேட்கும்.

Radius என்பது மங்கல் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பது. ஹேலோவின் அகலத்தை முடிவு செய்வதும் இதுவே. எத்தனை மடங்கு பெரிதாக்கினோமோ அந்த எண்ணில் தொடங்குவது என் வழக்கம். 1.7 மடங்கு என்றால் Radius 1.7. மூலப் படத்தில் ஒரு பிக்சல் அளவு இருந்த மென்மை இப்போது அவ்வளவுதான் பரவியிருக்கும் என்ற கணக்கு. 4, 5 என்று போனால் கண் கூர்மையாவதற்குப் பதில் கன்னமே மேடுபள்ளமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

Amount எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது. 0.8 வைத்தேன். Threshold இதைவிடக் குறைந்த வித்தியாசத்தைத் தொடாதே என்று சொல்வது. இதை 0 விலேயே விடலாம், தோலை அடுத்த படியில் கையால் பார்த்துக்கொள்ளப் போகிறோம். இந்த நேரத்தில் முடியோரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால் கவலை வேண்டாம். கண், புருவம், உதடு மூன்றை மட்டும் பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள். சித்தியின் இமையும் பெரியம்மாவின் இமையும் ஒரே மாதிரி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

படி 3: முகத்தை மட்டும் காட்டும் மாஸ்க்

Layer மெனுவில் Mask, அதில் Add Layer Mask, வரும் பெட்டியில் Black. கூர்மை முழுவதும் மறைந்துவிடும். இனி வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையால் திறக்கப் போகிறோம்.

Free Select கருவியை எடுத்து முகத்தைச் சுற்றி வரையுங்கள். முடி தொடங்கும் கோட்டில் வரையக்கூடாது, தாடை ஓரத்திலும் கூடாது. 300 பிக்சல் முகத்தில் நான் ஓரத்திலிருந்து 15 பிக்சல் உள்ளே வரைந்தேன். பிறகு Select மெனுவில் Feather, 10 பிக்சல். இந்த மென்மை கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் வழியும், அதற்குத்தான் அந்த 15 பிக்சல் இடைவெளி. முகம் ஒட்டிய தையல் கோடும் பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான் இருக்கும். அதன் மேல் கூர்மை பட்டால், இவ்வளவு நேரம் கலந்து மறைத்த கோடு மறுபடி எழுந்து வந்துவிடும்.

மாஸ்க் மேல் ஒருமுறை கிளிக் செய்து, முன்நிறம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, Edit மெனுவில் Fill with FG Color கொடுங்கள். பிறகு Select மெனுவில் None.

இப்போது கன்னமும் நெற்றியும் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியலாம். படம் JPEG ஆக இருந்தால் சின்னச் சின்னக் கட்டங்களும் தெரியும், அவை ஏற்கெனவே இருந்தவைதான், கூர்மை எடுத்துக் காட்டுகிறது. மென்மையான பிரஷ்ஷில் நடுச் சாம்பல் நிறம் எடுத்து மாஸ்க்கில் கன்னம், நெற்றி, தாடை மேல் தடவுங்கள். அங்கே கூர்மை பாதியாகிவிடும். கண், புருவம், மூக்கு நுனி, உதடு மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

படி 4: முகத்துக்குள்ளேயே வரும் ஹேலோ

எல்லை சரியாகப் போட்டும் என் படத்தில் இரண்டு இடம் உறுத்தியது. ஒன்று பெரியம்மாவின் மூக்குத்தி. வைரத்தின் வெளிச்சப் புள்ளி, அதைச் சுற்றிக் கறுத்த வளையம், பார்த்தால் ஒரு சின்ன ஓட்டை போல இருந்தது. மாஸ்க்கில் 8 பிக்சல் பிரஷ்ஷால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன், தீர்ந்தது. மூக்குத்திக்குக் கூர்மை தேவையே இல்லை, அது ஏற்கெனவே மின்னுகிறது.

இரண்டாவது கண்ணாடியின் மெல்லிய கறுத்த ஃப்ரேம். கண்ணுக்கு ஒட்டியே ஓடுவதால் கறுப்பால் அழித்தால் இமையும் போய்விடும். இங்கே வேறு வழி இருக்கிறது. நம் கண்ணுக்கு ஹேலோவின் கறுப்புப் பக்கம் அவ்வளவாக உறுத்தாது, வெள்ளைப் பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் இரண்டையும் பிரித்துவிடலாம். கூர்மையான லேயரை மாஸ்க்கோடு ஒரு நகல் எடுங்கள். கீழே இருப்பதன் Mode ஐ Darken only ஆக்குங்கள், Opacity 100. மேலே இருப்பதை Lighten only ஆக்கி Opacity ஐ 40க்குக் குறையுங்கள். கறுப்புப் பக்கம் முழுதாக இருக்கும், வெள்ளைப் பக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஃப்ரேமின் ஓரத்தில் இருந்த வெள்ளைக்கோடு தோல் நிறத்தில் கரைந்தது, இமையின் கூர்மை அப்படியே நின்றது. அப்புறம் இதை எல்லாப் படத்திலும் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

எப்படிச் சரிபார்ப்பது?

200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி முடியோரம், தாடை, காது மடல், கண்ணாடி ஆகிய நான்கு இடங்களைச் சுற்றி வாருங்கள். கூர்மை லேயர்களின் கண் அடையாளத்தை அணைத்து அணைத்துப் போடுங்கள். ஓரத்தில் ஏதாவது துடித்தால் மாஸ்க் அங்கே அதிகமாக நீண்டிருக்கிறது, கறுப்பால் உள்ளே தள்ளுங்கள். பிறகு 100 சதவீதத்துக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் முழுக் குடும்பத்தையும் பாருங்கள். பார்வை தானாகப் பெரியம்மாவிடம் போய் நின்றால் இன்னும் கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு லேயர்களின் Opacity ஐயும் கொஞ்சம் இறக்குங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அன்ஷார்ப் மாஸ்க் இருக்கும் விளிம்பைத்தான் தூக்கிக் காட்டும், இல்லாத இமை முடியை உண்டாக்காது. என் அனுபவத்தில் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கிய முகம் நன்றாகத் தேறுகிறது. 80 பிக்சல் முகத்தை 300க்கு இழுத்திருந்தால் எவ்வளவு போட்டாலும் ஹேலோதான் வளரும். அப்போது அந்த முகத்தை விட்டுவிட்டு, கேமராவுக்கு இன்னும் கிட்டத்தில் எடுத்த வேறு படம் யாருடைய ஃபோனிலாவது இருக்கிறதா என்று குடும்பக் குழுவில் கேட்டுப் பார்ப்பது நல்லது.