ஈபே ஏலத்தில் தொகை கேட்கும் முன் படிக்க வேண்டிய மூன்று வரிகள்

அமெரிக்க ஈபே தளத்தில் ஒரு பழைய கேமரா லென்ஸ் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்றும், அதற்கு எல்லாம் சேர்த்து 100 டாலருக்கு மேல் செலவிடுவதில்லை என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் Shipping என்ற வரியைப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஏலத்தொகையில் அனுப்பும் செலவு சேராது என்பதால், கணக்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே தெரியும் தொகை அமெரிக்காவுக்குள் அனுப்புவதற்கானதாக இருக்கலாம். ஆகவே See details என்பதை அழுத்தி, உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு காட்டும் தொகையை மட்டுமே நம்புங்கள். May not ship to என்று உங்கள் நாட்டின் பெயரோடு வந்தால், விற்பவரிடம் கேட்டுத் தெளிவு பெறாமல் ஏலத்தில் இறங்காதீர்கள். நம் லென்ஸுக்கு அனுப்பும் செலவு 24 டாலர், இறக்குமதி வரிக்கு 6 டாலர் என்றால், லென்ஸுக்கென்று மிஞ்சுவது 70 டாலர்.

இந்த 70-ஐத்தான் அதிகபட்சத் தொகையாக, அதாவது max bid கட்டத்தில், எழுத வேண்டும். எழுதியவுடன் 70 டாலரும் போய்விடுவதில்லை. அந்தத் தொகையை மற்றவர்களுக்குக் காட்டாமல், நீங்கள் முன்னிலையில் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே உங்கள் சார்பில் ஏலம் கேட்கும். இப்போது முன்னிலையில் இருப்பவரின் மறைவான உச்சத்தொகை 40 டாலர், நீங்கள் 70-க்குப் பதில் முதலில் 50 மட்டும் எழுதினீர்கள் என்றால், பக்கத்தில் தெரியும் விலை 41 ஆகும்; ஏனெனில் 25 முதல் 99.99 டாலர் வரையிலான விலைக்கு ஏற்றம் ஒரு டாலர். இருவர் ஒரே உச்சத்தொகையை எழுதியிருந்தால் முதலில் எழுதியவரே முன்னிலையில் இருப்பார்.

முன்னிலையில் இருந்தும் Reserve not met என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம். விற்பவர் இதற்குக் குறைவாக விற்பதில்லை என்று ஒரு விலையை வெளியே காட்டாமல் வைத்திருக்கிறார், உங்கள் உச்சத்தொகை அதை இன்னும் எட்டவில்லை என்பதே அதன் பொருள். அந்த மறைவிலை 60 டாலர் என்றால், 50-ஐ 70 ஆக உயர்த்தியதும் தெரியும் விலை ஒரே தாவலில் 60 ஆகிவிடும். வேறு யாரும் போட்டியிடாதபோதும் விலை இப்படி ஏறுவதைத் தவறாக எண்ணிச் சிலர் பதறுகிறார்கள். மறைவிலையைத் தொட்டதற்கான அடையாளம் அதுதான். அதன்பின் வேறொருவர் 65 வரை கேட்டால் விலை 66-க்கு நகரும், நீங்களே முன்னிலையில் இருப்பீர்கள். அவர் 80 எழுதியிருந்தால் உங்களைத் தாண்டிவிடுவார். அப்போது தொகையை உயர்த்தச் சொல்லித் தளம் அழைத்தாலும், அனுப்பும் செலவையும் வரியையும் கூட்டிப் பார்க்காமல் உயர்த்தாதீர்கள்.

கடைசி நொடிவரை Reserve not met மாறாமலேயே ஏலம் முடிந்தால், விற்பவர் பொருளைத் தர வேண்டியதில்லை, நீங்களும் பணம் செலுத்த வேண்டியதில்லை.