வாய்க்கால் குழுவில் ஸ்டிக்கர், துக்கச் செய்தியில் 😂

மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த சமயம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே எங்கள் ஊர் வாய்க்கால் வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டரைக்கு ஒரு செய்தி வந்தது: "நாளைக்கு காலை 6 மணிக்கு மதகு திறக்கிறோம். கடைமடைக்காரங்க மம்பட்டியோட வந்துடுங்க." பத்தே நிமிஷத்தில் அதற்குக் கீழே இருபது ஸ்டிக்கர். கும்பிடும் கை, தாமரைப்பூ, ஆடும் குழந்தை. ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்தவர்களுக்கு ஸ்டிக்கர்தான் தெரிந்தது, செய்தி மேலே போய்விட்டது. காலையில் இரண்டு பேர் வரவே இல்லை.

ஸ்டிக்கர் ஒரு தனிப் படம். வாட்ஸ்அப்பில் அதற்கென்று ஒரு முழுச் செய்தியின் இடம் வேண்டும், கூடவே ஒரு வரி எழுதவும் முடியாது. எமோஜி அப்படியில்லை. அது 'அ', 'ஆ' மாதிரி ஓர் எழுத்து. 🙏 என்பதற்கு, எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் U+1F64F என்று எண்ணே உண்டு. அந்த எண்தான் போகிறது, படத்தை வரைவது வாங்குகிறவரின் போன். அதனால் வரிக்குள்ளேயே உட்காரும், போனைத் திறக்காமல் அறிவிப்பிலேயே படிக்கலாம். ஜிஃப் என்று நாம் அனுப்புவது அங்கே சத்தமில்லாத குட்டி வீடியோவாகத்தான் போகிறது.

ஆகவே குழுவில் வரும் தகவலுக்கு, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 👍 வையுங்கள். அது செய்தியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், புதிதாக எதுவும் விழாது. ஆனால் "யார் யார் வர்றீங்க?" என்று கேட்டிருந்தால் 👍 போதாது. பார்த்தேன் என்கிறதா, வருகிறேன் என்கிறதா என்று கேட்டவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? "நான் வர்றேன்" என்று எழுதிவிடுங்கள். ஸ்டிக்கருக்கு ஏற்ற இடம் பேச்சு முடிகிற இடம். "ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்" என்று தம்பி சொன்னால், அதற்கு ஒரு ஸ்டிக்கர் அழகு. ஜிஃப் நாலு நண்பர்கள் அரட்டைக்குச் சரி.

துக்கச் செய்தியில்தான் தவறு வலிக்கிறது. 😂 சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரும் முகம். சின்ன எழுத்தில் தண்ணீர் மட்டும் தெரிவதால், அழுகை என்று நினைத்துப் பெரியவர்கள் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அழும் முகம் 😭. அதையோ இளசுகள் சிரிப்புக்குப் போடுகிறார்கள்! இரண்டுமே வேண்டாம். "அத்தை போனது மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று எழுதி, 🙏 ஒன்று சேர்த்தால் போதும். விம்மி அழும் ஜிஃப் வேண்டவே வேண்டாம். இழந்தவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் அதே அழுகை திரும்பத் திரும்ப ஓடும்.

தெரியாமல் 😂 போட்டுவிட்டால் பதற வேண்டாம். எழுத்து என்பதால், அனுப்பிய 15 நிமிஷத்துக்குள் அந்தச் செய்தியைத் திருத்திவிடலாம். ஸ்டிக்கரைத் திருத்த வழியில்லை, எல்லோருக்கும் சேர்த்து நீக்கத்தான் வேண்டும்.