கப்பாவுக்கு எத்தனை மாதிரி?

இரு மருத்துவர்கள் ஒரே எக்ஸ்ரேக்களைத் தனித்தனியாகப் பார்த்து 'நோய் உண்டு', 'இல்லை' என்கிறார்கள். தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் எண்தான் கப்பா; சூத்திரத்தில் κ. எதிர்பார்க்கும் கப்பா 0.7, 95% நம்பக இடைவெளி இருபுறமும் 0.1-க்குள் அடங்க வேண்டும்; இந்த 0.1-தான் d. பாதிப் படங்களில் நோய் இருந்தால் கணக்கு எளிது:

```
n = (1.96/d)² × (1 − κ²)
  = (1.96/0.1)² × 0.51 ≈ 196
```

எதிர்பார்ப்பு 0.5 என்றால் 289 படங்கள் வேண்டும். அதனால் கப்பாவைத் தாராளமாக ஊகிக்காதீர்கள். முந்தைய ஆய்வுகளில் வந்ததைவிடச் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது நோயின் விகிதத்தில்தான். 10% படங்களில் மட்டுமே நோய் என்றால் இந்தச் சுருக்கச் சூத்திரம் செல்லாது. முழுச் சூத்திரம் இது, p நோய் விகிதம்:

```
n = (1.96/d)² × (1−κ) × [(1−κ)(1−2κ) + κ(2−κ)/(2p(1−p))]
```

அதே 0.7-க்கு இப்போது 569 படங்கள்! முடிந்தால் நோயுள்ள படங்களைக் கூடுதலாகச் சேர்த்து விகிதத்தைப் பாதிக்கு அருகில் கொண்டுவாருங்கள். அப்படிச் செய்தால் கப்பாவின் மதிப்பும் மாறக்கூடும்; அறிக்கையில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.