வீடியோவும் அனிமேஷனும் உள்ள ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்குவது: எது போகும், எதைக் காப்பாற்றலாம்

பிரசன்டேஷனைப் பிடிஎஃப் ஆக்கினால் அனிமேஷன் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அது போன பிறகு பக்கத்தில் என்ன மிஞ்சும் என்பதில்தான் குழப்பம். அனிமேஷன் முழுக்க ஓடி முடிந்த கடைசி நிலை பக்கமாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி வருவதில்லை. பவர்பாயின்டில் ஸ்லைடைத் திருத்தும்போது திரையில் எப்படித் தெரிகிறதோ, அதுதான் அப்படியே பக்கமாகிறது.

இதன் விளைவுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்றாவது கிளிக்கில் வர வேண்டிய படமும், அதற்கு முன் மறைந்துவிட வேண்டிய படமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் நிற்கும். நகர்ந்து போக வேண்டிய பொருள் கிளம்பிய இடத்திலேயே நிற்கும். சிவப்பாக மாற வேண்டிய எழுத்து பழைய நிறத்திலேயே இருக்கும். வீடியோ ஒரு அசையாப் படமாகிவிடும். அந்தப் படம் பல நேரம் வெறும் கறுப்புச் செவ்வகம்தான். ஜிஃப் படத்தில் முதல் காட்சி மட்டும் நிற்கும். ஒலி அடியோடு போய்விடும்.

ஆகவே வேலையை ஏற்றுமதி செய்யும் நேரத்தில் தொடங்கினால் தாமதம். திருத்தும் நிலையில் தெரியும் ஸ்லைடே சரியான பக்கமாக இருக்கும்படி முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். இதயம் வேலை செய்யும் விதத்தைப் பற்றிய ஒரு சின்ன பிரசன்டேஷனை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். அதில் மூன்று ஸ்லைடுகளில் சிக்கல். ஒன்றில் இதய வால்வுகள் திறந்து மூடும் வீடியோ. இன்னொன்றில் ஒரு சிவப்புப் புள்ளி இரத்தம் ஓடும் வழியில் நகர்கிறது. மூன்றாவதில் கேள்வி வந்து, கிளிக் செய்தால் அது மறைந்து அதே இடத்தில் பதில் வருகிறது.

படி 1: எங்கே ஆபத்து என்று பாருங்கள்

முதலில் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு `Animations > Animation Pane` திறந்து ஒவ்வொரு ஸ்லைடாகப் பாருங்கள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி இருக்கும். பச்சை நட்சத்திரம் என்றால் அந்தப் பொருள் உள்ளே வருகிறது. மஞ்சள் என்றால் இருக்கும் இடத்திலேயே அதன் தோற்றம் மாறுகிறது. சிவப்பு என்றால் மறைகிறது. நட்சத்திரத்துக்குப் பதில் கோடு இருந்தால் அது நகரும் பாதை.

பச்சை மட்டும் உள்ள ஸ்லைடைப் பெரும்பாலும் தொட வேண்டாம். ஒவ்வொன்றாக வந்த வரிகள் பக்கத்தில் மொத்தமாக இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு இருந்தால் நிச்சயம் கவனியுங்கள், அங்கேதான் பொருள்கள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். மஞ்சளும் கோடும் இருந்தால், அந்த மாற்றத்தில் ஏதாவது தகவல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே ‘இங்கே பார்’ என்று கண்ணை இழுப்பதற்காக ஒரு சொல் பெரிதாகி மின்னினால், அது போகட்டும். படிப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறும்போது வரும் விளைவுகளைப் பற்றியும் கவலை வேண்டாம். `Morph` கூட அப்படித்தான். பார்க்க அனிமேஷன் மாதிரி இருந்தாலும், அதன் தொடக்க நிலையும் முடிவு நிலையும் இரண்டு தனித்தனி ஸ்லைடுகள். இரண்டுமே பக்கங்களாக வந்துவிடும்.

படி 2: மறைந்து மாறும் பொருள்களை இரண்டு ஸ்லைடாக்குங்கள்

நம் கேள்வி-பதில் ஸ்லைடை அப்படியே ஏற்றுமதி செய்தால் கேள்வியும் பதிலும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகி, இரண்டையும் படிக்க முடியாது. தீர்வு எளிது. இடதுபுறப் பட்டியலில் ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தினால் நகல் கிடைக்கும். முதல் ஸ்லைடில் பதிலை நீக்குங்கள், இரண்டாவதில் கேள்வியை நீக்குங்கள். இரண்டிலும் மிச்சமிருக்கும் அனிமேஷனையும் எடுத்துவிடுங்கள்.

ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதில் அடியில் உள்ளதைப் பிடிக்க முடியவில்லை என்றால் `Alt+F10` அழுத்துங்கள். `Selection Pane` திறக்கும். அதில் எல்லாப் பொருள்களும் பெயரோடு வரிசையாக இருக்கும். கண் குறியை அழுத்தி மறைத்த பொருள் பிடிஎஃப்பிலும் வராது, எனவே நீக்க மனமில்லை என்றால் மறைத்து வைத்தாலும் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மேடையில் எதுவும் மாறுவதில்லை. முன்பு ஒரு கிளிக்கில் பதில் வந்தது, இப்போதும் ஒரு கிளிக்கில் அடுத்த ஸ்லைடாகப் பதில் வருகிறது. பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பேசுவதற்கு ஒரு கோப்பு, அனுப்புவதற்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்லைடு எண்ணும் பிடிஎஃப்பின் பக்க எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு, ‘எட்டாவது ஸ்லைடில் ஒரு சந்தேகம்’ என்று யாராவது கேட்கும்போது எந்த எட்டு என்று தேட வேண்டி வரும்.

படி 3: நகர்வை அம்புகளாக்குங்கள்

சிவப்புப் புள்ளி உடலிலிருந்து வந்து வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை என்று போய் மறுபடி உடலுக்குத் திரும்புகிறது. பிடிஎஃப்பில் அது கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். அது எதற்கு அங்கே இருக்கிறது என்று படிப்பவருக்குப் புரியாது.

இந்த நகர்வில் இருக்கும் தகவல் வரிசை. வரிசையை அசையாத பக்கத்திலும் காட்ட முடியும். புள்ளியை எடுத்துவிட்டு, வழி நெடுக ஆறு அம்புகள் வரைந்து 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் `Wipe` என்ற நுழைவு அனிமேஷன் கொடுத்தால், மேடையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வளரும். பிடிஎஃப்பில் ஆறும் சேர்ந்து ஒரு முழுமையான வரைபடம் ஆகிவிடும். உண்மையில் இந்தப் பக்கம் புள்ளியை விட நன்றாகவே விளக்குகிறது, ஏனென்றால் பார்ப்பவர் தன் வேகத்தில் முன்னும் பின்னும் போய்ப் பார்க்கலாம்.

படி 4: வீடியோ

முடிவெடுக்க உண்மையிலேயே யோசிக்க வேண்டிய இடம் இதுதான். வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்தவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று எழுதிப் பாருங்கள். நம் வீடியோவில் மூன்று விஷயங்கள். கீழறைகள் நிரம்பும்போது உள்ளே விடும் வால்வுகள் திறந்தும் வெளியே விடும் வால்வுகள் மூடியும் இருக்கின்றன. கீழறைகள் சுருங்கும்போது அது தலைகீழாகிறது. மூன்றாவது, இந்த மாற்றத்தோடு ‘லப்-டப்’ ஒலி எப்படி இணைகிறது என்பது.

முதல் இரண்டையும் இரண்டு அசையாப் படங்களால் காப்பாற்றலாம். மூன்றாவதில் தாளமும் ஒலியும் போய்விடும். அதன் காரணத்தை மட்டும் எழுத்தில் வைக்கலாம்: உள்ளே விடும் வால்வுகள் மூடும்போது ‘லப்’, வெளியே விடும் வால்வுகள் மூடும்போது ‘டப்’. கேட்டே ஆக வேண்டும் என்பவருக்கு, இணையத்தில் உள்ள அந்த வீடியோவுக்கு ஒரு இணைப்பு.

இனி செய்முறை. வீடியோவை ஓடவிட்டுப் பொருத்தமான இடத்தில் நிறுத்துங்கள். `Video Format` தாவலில் `Poster Frame > Current Frame` அழுத்துங்கள். பிடிஎஃப்பில் வரும் படம் இனி இதுதான். பல வீடியோக்கள் கறுப்புத் திரையிலிருந்து மெல்லத் தொடங்குவதால்தான் அந்தக் கறுப்புச் செவ்வகம் வருகிறது. இந்த ஒரு அழுத்தலில் அது தீர்ந்துவிடும்.

இரண்டு நிலைகளும் வேண்டுமே? வீடியோ ஸ்லைடுக்கு அடுத்து ஒரு புதிய ஸ்லைடு சேர்த்து, வீடியோவை அதில் இரண்டு முறை ஒட்டுங்கள். இரண்டையும் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் நிறுத்தி `Poster Frame` கொடுங்கள். கீழே ‘கீழறை நிரம்புகிறது’, ‘கீழறை சுருங்குகிறது’ என்று எழுதி, லப்-டப் விளக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அந்த ஸ்லைடை வலது கிளிக் செய்து `Hide Slide` கொடுங்கள். பேசும்போது அது தானாகத் தாண்டப்படும். பிடிஎஃப்பில் மட்டும் அதை வரவழைக்க முடியும், அடுத்த படியில் பாருங்கள்.

இணைப்பை வீடியோவின் மேலேயே ஒட்டாமல், கீழே ஒரு எழுத்துப் பெட்டியில் முழு முகவரியாகவே எழுதுங்கள். அச்சிட்டுப் படிப்பவருக்கும் அது உதவும்.

பிடிஎஃப்புக்குள்ளேயே வீடியோவை வைக்க முடியாதா என்று கேட்கலாம். அந்த வடிவத்தில் அதற்கு இடம் உண்டு, அக்ரோபேட் ப்ரோவில் சேர்க்கவும் முடியும். ஆனால் பவர்பாயின்டின் ஏற்றுமதி அதைச் செய்வதில்லை. சேர்த்தாலும் பிரவுசரிலும் போனிலும் உள்ள பல வாசிப்பான்களில் அது ஓடாது. யாரிடம் எது இருக்கும் என்று தெரியாமல் அனுப்பும் கோப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசைவுதான் முழு விஷயமே என்றால், `File > Export > Create a Video` மூலம் எம்பி4 கோப்பு ஒன்றையும் உருவாக்கிப் பிடிஎஃப்புடன் சேர்த்து அனுப்புங்கள்.

படி 5: ஏற்றுமதி

விண்டோஸில் `File > Export > Create PDF/XPS Document` போய், பெயர் கொடுக்கும் பெட்டியில் `Options` அழுத்துங்கள். `Include hidden slides` என்பதில் டிக் போட்டால், நாம் மறைத்து வைத்த வால்வு ஸ்லைடு பிடிஎஃப்பில் வரும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் மறைத்த மற்ற எல்லா ஸ்லைடும் கூடவே வரும். யாருக்கும் காட்டக் கூடாதது ஏதாவது இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.

`Print` வழியாகப் போய் `Microsoft Print to PDF` தேர்ந்தெடுக்க வேண்டாம். அது பக்கத்தை அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவதுபோல் அனுப்புவதால் இணைப்புகள் செத்துவிடும்.

ஆப்பிளின் கீநோட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிடிஎஃப் ஏற்றுமதியில் `Print each stage of builds` என்ற தேர்வு, ஒவ்வொரு கிளிக்கையும் தனிப் பக்கமாக்கும். ஒவ்வொன்றாக வரும் பத்து வரிகள் அதனால் பல பக்கங்களாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரஸில் ஸ்லைடு மாறும் விளைவுகளைப் பிடிஎஃப்புக்குக் கொண்டுபோகும் தேர்வு இருக்கிறது, ஆனால் ஸ்லைடுக்குள் நடக்கும் அனிமேஷனுக்கு அது பயன்படாது.

படி 6: சரிபார்ப்பு

பிடிஎஃப்பின் பக்க எண்ணிக்கை, மறைத்தவற்றையும் சேர்த்து ஸ்லைடுகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் `Options` பெட்டியில் டிக் விடுபட்டிருக்கும். வீடியோ பக்கத்தில் கறுப்புச் செவ்வகம் தெரிந்தால் `Poster Frame` பதியவில்லை. எழுத்து எழுத்தின்மேல் ஏறியிருந்தால், எங்கோ ஒரு சிவப்பு நட்சத்திரம் தப்பிவிட்டது.

கடைசியாக, பிரவுசரில் ஒரு தனிப்பட்ட சாளரம் திறந்து, உங்கள் கணக்கில் உள்நுழையாமல் அந்த வீடியோ இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் திறக்கும் இணைப்பு மற்றவரிடம் அனுமதி கேட்டு நிற்கலாம். அப்படி நின்றால், வீடியோ இருக்கும் தளத்தில் பகிர்வு அமைப்பை மாற்றினால் போதும். முகவரி மாறாத வரை பிடிஎஃப்பை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை.