எமிட்டர் ஃபாலோயர் போட்டும் லோடில் சிக்னல் குறைகிறதா?

4.7 கிலோஓம் கலெக்டர் மின்தடை உள்ள ஒரு சாதாரண காமன் எமிட்டர் சுற்று 1 வோல்ட் உச்சமுள்ள சிக்னலைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டு மின்தடை ஏறத்தாழ அந்த 4.7 கிலோஓம்தான். இதில் நேராக 100 ஓம் லோடை மாட்டினால் லோடுக்குக் கிடைப்பது வெறும் 21 மில்லிவோல்ட். மீதியெல்லாம் கலெக்டர் மின்தடையிலேயே விழுந்துவிடுகிறது.

இடையில் ஒரு எமிட்டர் ஃபாலோயரைப் போடுவோம். சப்ளை 12 வோல்ட், பீட்டா 150, எமிட்டர் மின்தடை RE 470 ஓம். பேஸ் நேரடியாக முந்தைய கலெக்டரில் இணைகிறது, எமிட்டர் 6 வோல்ட்டில் நிற்கிறது. அப்படியானால் ஓய்வு மின்னோட்டம் 12.8 மில்லிஆம்ப். 26 மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் உள் எமிட்டர் மின்தடை re சுமார் 2 ஓம். 100 ஓம் லோடு RL ஒரு மின்தேக்கி வழியாக எமிட்டரில் சேர்கிறது.

பேஸிலிருந்து எமிட்டருக்கு கெயின் 0.98. ஒன்றைக்கூடத் தொடவில்லையே, இதனால் என்ன பயன் என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஃபாலோயர் பெருக்குவது மின்னோட்டத்தை. லோடு கேட்கும் மின்னோட்டத்தை சப்ளையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, முந்தைய கட்டத்திடம் அதில் 151-ல் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறது. குறைந்த மின்தடை லோடுக்கு அது ஏற்றது என்பதற்குக் காரணம் இதுதான்.

அதிகம் பேர் தவறுவது உள்ளீட்டு மின்தடைக் கணக்கில்.

```
Rin  = (β + 1) × (re + RE‖RL)
Rout = RE ‖ (re + RS/(β + 1))
```

RL-ஐ மறந்து, 470 ஓமை மட்டும் வைத்துப் பெருக்கினால் 71 கிலோஓம் வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சிக்னலுக்கு 100 ஓம் லோடும் RE-க்கு இணையாகவே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 82.5 ஓம், உண்மையான Rin 12.8 கிலோஓம். முந்தைய கட்டத்தின் 4.7 கிலோஓமோடு இது மின்னழுத்தத்தைப் பங்கிடுவதால் பேஸுக்கு 0.73 வோல்ட்தான் வருகிறது, லோடுக்கு 0.71. 21 மில்லிவோல்ட் இருந்த இடத்தில் 0.71 வோல்ட் என்பது பெரிய மாற்றம்தான், ஆனால் 0.98 அல்ல. பேஸுக்குத் தனியாக 10 கிலோஓம் பயாஸ் மின்தடைகள் இரண்டைப் போட்டு மின்தேக்கி வழியாக இணைத்தால் நிலைமை இன்னும் மோசம்: அவை இரண்டும் சேர்ந்த 5 கிலோஓம் குறுக்கே வந்து, Rin 3.6 கிலோஓமுக்கு இறங்கிவிடும். இந்த மாதிரிச் சுற்றில் நேரடி இணைப்பே நல்லது.

வெளியீட்டு மின்தடையிலும் இதே வகைத் தவறு நடக்கிறது. அது re மட்டும், அதாவது 2 ஓம் என்று எழுதிவிடுகிறார்கள். பேஸை ஓட்டும் மூலத்தின் மின்தடை RS-உம் 151-ஆல் வகுபட்டு எமிட்டரில் தெரியும்: 4700/151, அதாவது 31 ஓம். அதோடு 2 ஓமைக் கூட்டி, 470 ஓமை இணையாகச் சேர்த்தால் Rout சுமார் 31 ஓம். ஆக, லோடு மாறினால் Rin மாறும், மூலம் மாறினால் Rout மாறும். இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சுற்றுக்குத் தனி எண் எதுவும் சொல்ல முடியாது.

சரி, Rout குறைவு, அதனால் எவ்வளவு பெரிய சிக்னலையும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. Rout என்பது சிறிய சிக்னலுக்கான கணக்கு. டிரான்சிஸ்டர் லோடுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும், திரும்ப இழுக்காது; கீழ்நோக்கி இழுக்கும் வேலை RE-யுடையது. எமிட்டர் கீழே போகப்போக டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் குறைந்து, 12.8 மில்லிஆம்ப் × 82.5 ஓம், அதாவது சுமார் 1.05 வோல்ட் இறங்கியதும் அது முழுதாக அணைந்துவிடுகிறது. சப்ளை 12 வோல்ட் இருந்தும் இதுதான் எல்லை. ஆஸிலோஸ்கோப்பில் அலையின் மேல்பாதி ஒழுங்காகவும் அடிப்பாதி தட்டையாக வெட்டுப்பட்டும் தெரிந்தால் காரணம் இதுவே. 3 வோல்ட் உச்சம் வேண்டுமென்றால் RE-ஐ 100 ஓமாக்கி 60 மில்லிஆம்ப் ஓடவிட வேண்டும்; அப்புறம் டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதே 0.36 வாட் சூடாகும். அந்த அளவுக்குப் போவதைவிட, NPN, PNP ஜோடி கொண்ட புஷ்-புல் அமைப்புக்கு மாறுவதே சரி என்பது என் கருத்து.

Rout-ஐ அளக்கும்போதும் இந்த எல்லை குறுக்கிடும். வெளியீடு பாதியாகும்வரை லோடைக் குறைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 1 வோல்ட் சிக்னலோடு அதைச் செய்தால், 31 ஓமை எட்டும் முன்பே அலை வெட்டுப்பட்டு, தப்பான எண் கிடைக்கும். சிக்னலை 100 மில்லிவோல்ட்டுக்குக் குறைத்துக்கொண்டு, லோடு இல்லாமல் ஒருமுறையும் 100 ஓமோடு ஒருமுறையும் அளந்தால் போதும். இந்தச் சுற்றில் 93, 71 மில்லிவோல்ட் வரும். 93/71-லிருந்து 1-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கினால் அதே 31 ஓம்.