கட்டுரைத் தொடரைத் திட்டமிடுதல்: வாசிப்பு வரிசையும் முன்னோக்கிய இணைப்புகளும்

ஒரு பொருளைப் பல பகுதிகளாக எழுத முற்படும்போது, எதை எந்த வரிசையில் சொல்வது என்பதையும், இன்னும் வெளிவராத பகுதியை எப்படிச் சுட்டுவது என்பதையும் முதல் பகுதி வெளியாகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வெண்பா இயற்றக் கற்பிக்கும் ஐந்து பகுதித் தொடர் ஒன்றை ப்ளாகரில் வெளியிடுவதாக வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம்.

முதலில், அசை, சீர், தளை, அடி, தொடை என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு வரிகள் மட்டும் எழுதுங்கள். அந்தப் பகுதியைப் படிப்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டியவை முதல் வரி. படித்து முடித்தபின் அவரால் செய்ய முடிவது இரண்டாம் வரி. தளைப் பகுதியின் தாளில், "அறிந்திருக்க வேண்டியவை: மாச்சீர், விளச்சீர், காய்ச்சீர், நேர், நிரை" என்றும், "செய்ய முடிவது: ஒரு குறளில் வெண்டளை பிழையின்றி வருகிறதா எனச் சரிபார்த்தல்" என்றும் இருக்கும். முதல் வரியில் உள்ள ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய ஏதேனும் ஒரு தாளில் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு அமைந்தால் வரிசை சரி.

இந்தச் சோதனையின் பயன் அடி பற்றிய தாளில் தெரியும். வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் அமைந்து, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும். காசு, பிறப்பு ஆகிய இரண்டையும் விளக்கக் குற்றியலுகரம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஐந்து தாள்களில் எதிலும் அது இல்லை. இப்போதே அதை அசைப் பகுதியில் சேர்த்துவிடலாம். மூன்று பகுதிகள் வெளியான பிறகு இது தெரியவந்தால், நடுவில் ஒரு இடைச்செருகல் கட்டுரையை எழுத நேரும்.

அடுத்தது முன்னோக்கிய இணைப்பு. பின்னால் வரும் பகுதியைப் படிக்காமலேயே வாசகரால் நடப்புப் பகுதியை முழுவதும் பின்தொடர முடியுமானால் மட்டுமே அத்தகைய இணைப்பை வையுங்கள். சீர் பகுதியில், "கனிச்சீர் வெண்பாவில் வராது, காரணத்தைத் தளைப் பகுதியில் காண்போம்" என்று எழுதலாம், ஏனெனில் காரணம் தெரியாமலேயே வாசகர் சீர் பிரித்துப் பழக முடியும். மாறாக, அதே பகுதியின் பயிற்சியில் வெண்டளையைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, விளக்கத்திற்கு அடுத்த பகுதியைச் சுட்டினால், வரிசையே பிழையானது என்று பொருள். அங்கே இணைப்பைச் சேர்ப்பதற்கு மாறாக, அந்தப் பயிற்சியை அடுத்த பகுதிக்கு நகர்த்துவதே தீர்வு.

வெளிவராத பகுதிக்கு முகவரியை ஊகித்து இணைப்புக் கொடுக்காதீர்கள். ப்ளாகரில் பதிவின் முகவரியில் வெளியிடும் ஆண்டும் மாதமும் இடம்பெறும் என்பதால், வெளியீடு ஒரு மாதம் தள்ளிப்போனாலே அந்த இணைப்பு பயனற்றுப் போகும். அதற்குப் பதிலாக, தொடருக்கென ஒரு பொருளடக்கப் பக்கத்தை முதலிலேயே உருவாக்குங்கள். அதை ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டுவிட்டுப் பின்னர் தலைப்பைத் தமிழுக்கு மாற்றினால், முகவரி படிக்கத்தக்கதாகவே நிலைத்திருக்கும். ஐந்து தலைப்புகளையும் அங்கே வரிசையாக எழுதி, வெளிவந்தவற்றுக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். லேபிள் பக்கம் இதற்கு ஈடாகாது. அது புதிய பதிவை மேலேயும் பழையதைக் கீழேயும் காட்டுவதால், புதிதாக வருபவர் தொடையிலிருந்து படிக்கத் தொடங்குவார்.

சீர் பகுதியின் முடிவில் வைக்க வேண்டிய வரிகள் இவ்வாறு அமையலாம்:

```html
<p>முந்தையது: <a href="https://example.blogspot.com/2025/01/venba-asai.html">அசை</a></p>
<p>அடுத்தது: தளை (விரைவில்)</p>
<p><a href="https://example.blogspot.com/p/venba.html">முழுத் தொடர்</a></p>
```

முகவரியில் பகுதி எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். `venba-2` என்று வைத்துவிட்டுப் பின்னர் இடையில் ஒரு பகுதியைச் சேர்த்தால், எண்ணும் வரிசையும் முரண்படும். `venba-seer` என்றால் அந்தச் சிக்கல் எழாது. தமிழ்த் தலைப்புக்கு ப்ளாகர் தானாக `blog-post.html` போன்ற முகவரியையே தரும் என்பதால், வெளியிடும் முன் நிரந்தர இணைப்பை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்.

தளைப் பகுதி வெளியான அன்றே மூன்று இடங்களைத் திருத்துங்கள்: பொருளடக்கப் பக்கம், சீர் பகுதியின் முடிவிலுள்ள "விரைவில்", அதே பகுதியின் நடுவில் கனிச்சீர் குறித்து எழுதிய வாக்கியம். இவற்றுள் மூன்றாவதுதான் எளிதில் விடுபட்டுப்போகும். எனவே "பின்னர் காண்போம்" என்ற வகையில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும், எழுதும்போதே அது சுட்டும் பகுதியின் தாளில் குறித்து வையுங்கள். திருத்தம் முடிந்தபின், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். வரைவின் முன்னோட்ட முகவரியைத் தவறுதலாக நகலெடுத்திருந்தால், உங்கள் கணக்கில் அது சரியாகத் திறக்கும், வாசகருக்குத் திறக்காது.