பருவமழைக்கு முன் கால்நடைப் பண்ணை: வேலையின் வரிசையில் நேரும் தவறுகள்

பருவமழைக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளைப் பண்ணையாளர்கள் எழுதிவைக்கும்போது, பெரும்பாலும் கூரை முதலில் வரும்; அடுத்து வடிகால், பிறகு தீவனம், கடைசியில் தடுப்பூசி. கண்ணில் படும் குறைகள் முன்னே நிற்பது இயல்புதான். ஆனால் வேலையும் அதே வரிசையில் நடந்தால், தடுப்பூசி போடும் நாளில் மழை தொடங்கியிருக்கும். கூரையின் ஓட்டையை ஒரே நாளில் அடைத்துவிடலாம். ஊசி போட்ட மாட்டின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாவதற்கோ இரண்டு முதல் மூன்று வாரங்கள் பிடிக்கும், அதை எவராலும் விரைவுபடுத்த முடியாது. ஆகையால் மழை தொடங்கும் என எதிர்பார்க்கும் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அதிக நாள் பிடிக்கும் வேலையை முதலில் வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பத்துக் கறவை மாடுகளும் சில கன்றுகளும் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட தகரக் கூரைக் கொட்டகை. அதன் ஒரு முனையைத் தடுத்துத் தீவன அறையாக வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பண்ணையின் முதல் வேலை, மழைக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, சாணப் பரிசோதனையும் அதற்கேற்ற குடற்புழு நீக்கமும் ஆகும். குடற்புழு மிகுந்த மாட்டில் தடுப்பூசி எதிர்பார்த்த அளவு பலன் தராமல் போகலாம் என்பதால், இதை ஊசிக்கு ஓரிரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. நான்கு வாரங்களுக்கு முன்பு ஊசி போட வேண்டும். மழைக்காலத்தில் முதலில் நினைக்க வேண்டியது தொண்டை அடைப்பான். இதை உண்டாக்கும் பாக்டீரியா, நோயின் அறிகுறி எதுவும் இல்லாத சில மாடுகளின் தொண்டையிலேயே தங்கியிருக்கிறது. திடீர் ஈரம், குளிர், தீவனக் குறைவு ஆகியவற்றால் உடல் தளரும்போது பெருகி மற்ற மாடுகளுக்கும் பரவுகிறது. கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தபின் ஒரு நாளுக்குள்ளேயே மாடு இறந்துவிடக்கூடும். எருமைகள் இதற்கு இன்னும் எளிதில் இரையாகின்றன. சிகிச்சை உண்டு என்றாலும் காய்ச்சலின் தொடக்கத்திலேயே தொடங்கினால்தான் பயன் தரும். வீக்கம் தெரிந்தபின் அழைக்கப்படும் மருத்துவர் பெரும்பாலும் தாமதமாகவே வந்தவராகிறார்.

ஊசி போட்டும் நோய் வந்தது என்று கேட்கும்போது, அதன் பின்னால் பெரும்பாலும் சில தவறுகள் இருக்கின்றன. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியோடு ஒட்டவைத்துக் கொண்டுவருவது அவற்றுள் முக்கியமானது. இத்தகைய தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் கெடுவது போலவே, உறைந்துபோனாலும் இவை கெடுகின்றன. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கியபின் துகள்கள் திரண்டு விரைவாக அடியில் படியும். அதைப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த தவறு, நன்றாக வளர்ந்து கொழுத்திருக்கும் கிடேரிகளை ‘இதற்கென்ன குறை’ என்று விட்டுவிடுவது. சப்பை நோய் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, நல்ல சதைப்பிடிப்பான மாடுகளையே அதிகம் தாக்குகிறது; அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மழையில் மேலே வந்து மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போகும். காய்ச்சல் உள்ள மாட்டுக்கு ஊசி போடுவதும், வேலையைச் சுருக்க இரண்டு மருந்துகளை ஒரே ஊசிக்குழலில் கலப்பதும் தவறு. எந்தெந்த ஊசிகளை ஒரே நாளில் போடலாம், நிறைசினை மாட்டுக்கு எதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஊசி போட்ட பிறகு வாங்கிவந்த மாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தனியே கட்டி, அதற்கும் ஊசி போட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

அடுத்தது தீவனம். மழைக்காலத்தில் விலை ஏறும், வண்டி வராது என்று அஞ்சி மூன்று மாதத் தீவனத்தை ஒரே தடவையில் வாங்கி அடுக்குவது இங்கே நேரும் பெரிய தவறு. நம் எடுத்துக்காட்டுப் பண்ணையில் மாட்டுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ அடர்தீவனம் என்றால் 40 கிலோ. மூன்று மாதத்துக்கு 3,600 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் 72. அந்தச் சிறு அறையில் இத்தனை மூட்டைகளை அடுக்க வேண்டுமானால் சுவரோடு ஒட்டியும் கூரைவரை உயர்த்தியும்தான் அடுக்க முடியும். சுவர் ஈரம் உள்வரிசைக்கு ஏறும். பழைய மூட்டை பின்னால் சிக்கி, புதியது முதலில் செலவாகும். ஒரு மாதத்துக்கான 24 மூட்டைகளை வைத்து, மழை இடைவெளி விடும்போது மீண்டும் வாங்குவதே என் பரிந்துரை. தரையிலிருந்து ஒரு சாண் உயரமுள்ள மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளி விட்டு அடுக்கினால், பின்வரிசையையும் கைவைத்துப் பார்க்க முடியும். தரையில் நேராகத் தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடுக்குவது போதாது. மூட்டைகளைப் பாலித்தீன் தாளால் இறுகப் போர்த்துவதோ தீங்கையே செய்யும்: பகல் சூட்டில் தீவனத்திலிருந்து வெளிவரும் ஈரம் இரவில் தாளின் உட்புறம் துளியாகி மேல்மூட்டையிலேயே விழுகிறது.

வாங்கும்போதே ஈரமாக இருக்கும் தானியத்தை எந்த அறையும் காப்பாற்றாது. நீண்ட நாள் வைக்கும் மக்காச்சோளத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை ஒன்று உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு தானியமும் இரண்டு கரண்டி உலர்ந்த தூள் உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரப்பதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதை அப்படியே சேமிக்கக் கூடாது. ஒட்டவில்லை என்றால் அந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே பொருள். 12 என்று கொள்ளக் கூடாது.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை வெயிலில் உலர்த்தி, தட்டி, நல்ல தீவனத்தோடு கலந்து கொடுத்துவிடுவது பரவலான பழக்கம். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை விட்டேயாக வேண்டும். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். உலர்த்தினால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்குமே தவிர, உண்டான நஞ்சு அங்கேயே இருக்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில், ஒரு நாளுக்குள்ளாகவே, அந்த நஞ்சின் மாறிய வடிவம் வந்துவிடுகிறது; பாலைக் காய்ச்சினாலும் அது அழிவதில்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், மட்கிய வாடை, கட்டி, கைக்குத் தட்டுப்படும் சூடு ஆகிய மூன்றையும் வாரந்தோறும் பார்க்க வேண்டும். காரணமின்றி மாடுகள் தீவனத்தை ஒதுக்கினால் முதலில் மூட்டையைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: யூரியா மூட்டையைத் தீவன அறையில் வைக்கவே கூடாது. ஒழுகும் நீரில் அது கரைந்து, தீவனத்தில் ஊறினாலோ அந்த நீரை மாடு குடித்தாலோ, சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும்.

தீவன அறைக்கு மேலுள்ள கூரையைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். கட்டுத்தறிக்கு மேலுள்ளது அடுத்தபடி. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே தார் பூசுவது வீண்வேலை, ஏனெனில் நீர் மேட்டுப்பக்கத்தில் எங்கோ நுழைந்து, சட்டத்தின் வழியே ஓடிவந்துதான் சொட்டுகிறது. மழைக்கு இரண்டு வாரம் முன்பு ஒருவர் வெளியிலிருந்து குழாயால் கூரையின் தாழ்ந்த ஓரத்தில் நீர் பாய்ச்சத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சற்றே மேலே நகர, மற்றவர் உள்ளே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் துளி விழும்போது நீர் எந்த வரியில் படுகிறதோ அங்கேதான் குறை இருக்கும். பெரும்பாலும் அது திருகாணியின் அடியில் காய்ந்து வெடித்த ரப்பர் வளையமாகவோ, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பாகவோ இருக்கும். சில நாள் அதிகாலையில் மட்டும் சொட்டுமானால் அது ஒழுகலே இல்லை: உள்காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் படிந்து சொட்டுகிறது. இதற்குக் கூரையை எத்தனை முறை பூசினாலும் பயனில்லை, காற்றோட்டம்தான் தேவை. சாரலுக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடுகிறவர்கள் இதையும், அதோடு சிறுநீரின் காரநெடியால் வரும் சுவாச நோயையும் தாங்களே வரவழைக்கிறார்கள். கன்று படுக்கும் உயரத்தில் சில நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் தார்ப்பாயின் மேல்பகுதியைத் திறந்துவிட வேண்டும்.

கூரையிலிருந்து இறங்கும் நீரின் அளவை யாரும் கணக்கிடுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் கொட்டகையின் பரப்பு 72 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 3,600 லிட்டர் நீர் கூரை ஓரத்தில் கொட்டும். இதைச் சாண வாய்க்காலிலேயே விடுவதுதான் வடிகாலில் நேரும் அடிப்படைத் தவறு. அப்போது எருக்குழி நிரம்பி வழிந்து, அந்தக் கலங்கல் மீண்டும் கொட்டகைக்குள் வரும். குளம்பு ஊறி மென்மையாகும், படுக்கும் மாட்டின் மடியில் கிருமி ஏறும். கூரை நீருக்குத் தனி வாய்க்கால் வேண்டும், அதுவும் அடித்தளத்தை ஒட்டாமல் சற்றுத் தள்ளி. உள்தரை 40 முதல் 60 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிந்தால் போதும். அதற்கு மேல் சரிந்தால் மாடு வழுக்கும்.

வாய்க்காலைத் தூர்வாரும்போது கொட்டகைப் பக்கமிருந்து தொடங்கி, பாதியில் மழை வந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். நீர் வெளியேறும் தொலைமுனையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். அப்படிச் செய்தால் வேலை பாதியில் நின்றாலும், சுத்தமான பகுதி வழியே நீர் வெளியேறும். முடித்தபின் நான்கைந்து குடம் நீரை மேல்முனையில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்து எங்கே தேங்கியிருக்கிறது என்று நடந்து பார்த்து, அந்த இடங்களை மட்டும் மறுபடி வெட்டிச் சமன்படுத்தினால் போதும்.